விற்பனைக்குத் தூண், மார்ஜினுக்குக் கோடு: ஒரே சார்ட்டில் இரண்டு அச்சு

மாதக் கடைசியில் கணக்கு நோட்டை விரிக்கும் கடைக்காரருக்கு இரண்டு கேள்விகள் இருக்கும். எவ்வளவுக்கு வியாபாரம் ஆனது? அதில் கையில் எவ்வளவு நின்றது? முதல் கேள்விக்குப் பதில் ரூபாயில் வரும், இரண்டாவதற்குச் சதவீதத்தில் வரும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால், வியாபாரம் ஏறிய மாதத்தில் மார்ஜின் என்ன ஆனது என்பது கண்ணில் படாமலே போய்விடும். சரி, ஒரே படத்தில் போடலாம் என்றால் அங்கே ஒரு சிக்கல். ஐந்து லட்சம் ரூபாயையும் பதினேழு சதவீதத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்த முடியாது.

இதற்கு இருக்கிற வழிதான் காம்பினேஷன் சார்ட். எக்செலில் இதன் பெயர் `Combo`. மாத விற்பனை தூண்களாக நிற்கும், அவற்றின் மேலே மார்ஜின் ஒரு கோடாக ஓடும். தூண்களுக்கான அளவு இடது ஓரத்திலும் கோட்டுக்கான அளவு வலது ஓரத்திலும் இருக்கும். வலது ஓரத்தில் இருப்பதைத்தான் இரண்டாம் அச்சு என்கிறோம். திரையில் அது `Secondary Axis` என்று வரும்.

இந்தப் படத்தை வரைய ஐந்து நிமிடம் போதும். ஆனால் எந்தக் கோடு எந்த அச்சைச் சேர்ந்தது, அந்தச் சதவீதம் எதன் சதவீதம் என்று எழுதாமல் விட்டால், பார்க்கிற ஆள் தப்பாகத்தான் படிப்பார். அதனால் வரைவதைவிடப் பெயரிடுவதற்கே இங்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

கணக்கு முதலில்

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு முந்திரிக் கடையை எடுத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பருப்பு வாங்கி, தரம் பிரித்து, கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டு விற்கிற கடை. தீபாவளி வந்தால் பரிசுப் பெட்டிக்கு சிப்காட் கம்பெனிகளிடமிருந்து மொத்த ஆர்டர் வரும். தீபாவளி அக்டோபரில் விழுந்த ஒரு வருடத்தின் ஆறு மாதக் கணக்கு இது. விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள்தான். எல்லாம் லட்ச ரூபாயில், ஜிஎஸ்டி சேர்க்காமல்.

| மாதம் | விற்பனை | கொள்முதல் | லாபம் | மார்ஜின் |
|---|---|---|---|---|
| ஜூலை | 3.50 | 2.87 | 0.63 | 18% |
| ஆகஸ்ட் | 4.00 | 3.28 | 0.72 | 18% |
| செப்டம்பர் | 5.00 | 4.15 | 0.85 | 17% |
| அக்டோபர் | 9.00 | 7.92 | 1.08 | 12% |
| நவம்பர் | 6.00 | 5.16 | 0.84 | 14% |
| டிசம்பர் | 5.00 | 4.15 | 0.85 | 17% |

கொள்முதல் என்ற பத்தியில் வருவது அந்த மாதம் விற்றுப்போன சரக்கை வாங்கிய விலை மட்டும். அந்த மாதம் வாங்கிக் குடோனில் அடுக்கியது எல்லாம் இதில் சேராது. செப்டம்பரிலேயே தீபாவளிக்கு மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருப்பார்கள். அதை முழுக்கச் செப்டம்பர் செலவில் ஏற்றினால் செப்டம்பர் நஷ்டத்தில் போய், அக்டோபர் அள்ளிக் கொட்டியது போலக் காட்டும். இந்த இடத்தில் தவறினால் சார்ட் எவ்வளவு அழகாக வந்தாலும் பயன் இல்லை.

எக்செலில் மாதம் A பத்தியில், விற்பனை B-யில், கொள்முதல் C-யில் இருந்தால், லாபத்துக்கு D-யிலும் மார்ஜினுக்கு E-யிலும் இப்படி எழுதலாம்:

```
D2:  =B2-C2
E2:  =IF(B2=0,NA(),D2/B2)
```

E பத்தியைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள % பொத்தானை அழுத்தினால் 0.18 என்பது 18% என்று தெரியும். செல்லுக்குள் இருப்பது என்னவோ 0.18 தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அச்சை அமைக்கும்போது தேவைப்படும்.

`NA()` எதற்கு என்றால், இன்னும் விற்பனை பதியாத மாதத்தின் வரிசையில் வகுத்தால் `#DIV/0!` வரும். அதை மறைக்கிறேன் என்று பலர் `""` போட்டு விடுகிறார்கள். செல் வெறுமையாகத் தெரிந்தாலும் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கோட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். ஜனவரி இன்னும் முடியவில்லை, படத்திலோ மார்ஜின் தரையில் கிடக்கும். `NA()` கொடுத்தால் அந்த மாதத்துக்குப் புள்ளியே விழாது.

எதன் மீது சதவீதம்?

கடைவீதியில் மார்ஜின் என்ற ஒரே சொல்லை இரண்டு கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். நூறு ரூபாய்க்கு வாங்கியதை நூற்று இருபத்தைந்துக்கு விற்றால், பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கின விலைக்கு மேல் 25% வைத்ததாகச் சொல்வார்கள். அதே லாபத்தை விற்ற விலையில் வகுத்தால் 20%. இரண்டும் சரியான கணக்குதான், ஆனால் இரண்டும் வேறு வேறு எண்.

இந்தச் சார்ட்டில் கோடாக வருவது இரண்டாவது கணக்கு, அதாவது விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம் என்பது. காரணம் எளிது. பக்கத்திலேயே விற்பனை தூணாக நிற்கிறது. அந்தத் தூணில் எத்தனை பங்கு லாபமாக நின்றது என்று கோடு சொன்னால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். கொள்முதல் விலை படத்திலேயே இல்லாதபோது அதன் மீதான சதவீதத்தைக் கோடாக ஓட்டுவது பார்க்கிறவரைத் திண்டாட வைக்கும்.

இன்னொன்று, இது மொத்த லாபம். கடை வாடகை, கரண்ட் பில், ஆட்களின் சம்பளம் எதுவும் இன்னும் கழியவில்லை. ஆகவே வலது அச்சில் வெறுமனே ‘மார்ஜின் %’ என்று எழுதினால் போதாது. ‘மொத்த லாபம், விற்பனையில் %’ என்று முழுசாக எழுத வேண்டும். இரண்டு சொல் கூடுதலாகப் போகட்டும். ஆடிட்டர் பார்த்தாலும் கடை முதலாளியின் மகன் பார்த்தாலும் ஒரே பொருளில் படிப்பார்கள்.

வரைவது

மாதம், விற்பனை, மார்ஜின் ஆகிய மூன்று பத்திகள் மட்டும் போதும். தலைப்பு வரிசையோடு A1 முதல் B7 வரை தேர்ந்தெடுத்து, `Ctrl` விசையை அழுத்திப் பிடித்தபடியே E1 முதல் E7 வரை தேர்ந்தெடுங்கள். கொள்முதலும் லாபமும் இடையில் இருந்தாலும் அவை படத்துக்குள் வராது. அப்புறம் `Insert` பட்டியலில் `Recommended Charts` போய், `All Charts` தாவலில் கடைசிப் பக்கம் இருக்கும் `Combo` என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்னப் பெட்டி வரும். விற்பனைக்கு `Clustered Column`, மார்ஜினுக்கு `Line with Markers` கொடுத்து, மார்ஜினுக்கு நேரே உள்ள `Secondary Axis` கட்டத்தில் டிக் போட்டு `OK` கொடுத்தால் படம் வந்துவிடும்.

அந்த டிக்கை மறந்தால் என்ன தெரியும்? கோடு படத்தின் அடியில், மாதப் பெயர்களை ஒட்டியபடி ஒரு நூல் மாதிரி தட்டையாகக் கிடக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. இடது அச்சு பத்து லட்சம் வரை போகும்போது 0.18 எங்கே தெரியப்போகிறது? கோடு வரவே இல்லை என்று நினைத்துப் படத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டாம். படத்தை ஒருமுறை சொடுக்கி, மேலே `Format` தாவலுக்குப் போனால் இடது ஓரத்தில் ஒரு கீழிறங்கும் பட்டியல் இருக்கும். படத்தில் உள்ள எல்லா உறுப்புகளின் பெயரும் அதில் இருக்கும். மார்ஜின் வரிசையை அங்கிருந்து தேர்ந்தெடுத்து, கீழே உள்ள `Format Selection` அழுத்தி, `Secondary Axis` என்று மாற்றினால் கோடு மேலே எழும்பி வரும்.

இதே இடத்தில் இன்னொரு கோளாறும் நடக்கும். சாதாரணத் தூண் சார்ட்டாக வரைந்துவிட்டு, மார்ஜினை இரண்டாம் அச்சுக்கு மட்டும் மாற்றி, வகையைக் கோடாக மாற்றாமல் விட்டுவிடுவார்கள். அப்போது மார்ஜின் தூண்கள் விற்பனைத் தூண்களுக்கு முன்னால் வந்து நின்று அவற்றை மறைத்துவிடும். தூண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான். மார்ஜின் தூணில் வலது சொடுக்கு செய்து `Change Series Chart Type` போய் கோடாக மாற்றிவிடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் சார்ட் வகையை `Combo chart` என்று வைத்து, `Customize` பக்கத்தில் `Series` திறந்து, மார்ஜினைத் தேர்ந்தெடுத்து, `Axis` என்ற இடத்தில் `Right axis` கொடுக்க வேண்டும். லிப்ரே ஆஃபிஸில் வகையின் பெயர் `Column and Line`. கோட்டின் பண்புகளைத் திறந்து `Options` தாவலில் `Secondary Y axis` தேர்ந்தெடுத்தால் சரி.

இரண்டு அச்சுக்கும் அளவு வைப்பது

இப்போது வந்திருக்கிற படத்தை அப்படியே அனுப்பிவிடலாம் என்று கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். எக்செல் இரண்டு அச்சுக்கும் தனித்தனியாகத் தானே ஓர் உச்ச அளவைத் தேர்ந்தெடுத்திருக்கும். நம் கணக்கில் இடதுபக்கம் பத்து லட்சம் வரையும் வலதுபக்கம் 20% வரையும் வந்திருக்கும். அதனால் அக்டோபர் தூண் மேல்விளிம்பைத் தொடுகிற மாதிரி உயர்ந்து, கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும். மார்ஜின் எண் தூணுக்குள் புதைந்து படிக்கவே முடியாமல் போகும்.

எனக்குப் பிடித்த வழி, இடது அச்சின் உச்சத்தை வேண்டுமென்றே இரண்டு மடங்காக உயர்த்துவது. தூண்கள் எல்லாம் படத்தின் கீழ்ப்பாதியில் அடங்கிவிடும், கோடு மேல்பாதியில் தனியாக ஓடும். இடது அச்சின் எண்கள் மீது இருமுறை சொடுக்கினால் வலதுபுறம் `Format Axis` பலகை திறக்கும். அதில் `Bounds` என்ற இடத்தில் `Minimum` 0, `Maximum` 20 என்றும், `Units` என்ற இடத்தில் `Major` 5 என்றும் கொடுங்கள். வலது அச்சுக்கும் இதேபோல `Minimum` 0, `Maximum` 0.2, `Major` 0.05. இங்கேதான் செல்லுக்குள் இருப்பது 0.18 என்று சொன்னது உதவும். இருபது சதவீதம்தானே என்று 20 என்று தட்டினால் அச்சு 2000% வரை போய், கோடு மறுபடி தரையில் விழுந்துவிடும்.

இரண்டு அச்சுக்கும் நான்கு நான்கு பிரிவாக அமைத்ததற்குக் காரணம் உண்டு. படத்தின் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் இடது அச்சைச் சேர்ந்தவை. இடதில் நான்கு பிரிவும் வலதில் ஏழு பிரிவுமாக இருந்தால், வலது எண்களுக்கு நேரே எந்தக் கோடும் இருக்காது, கண் அலையும். பிரிவுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் ஒரே குறுக்குக்கோடு இடதில் 15 லட்சத்துக்கும் வலதில் 15 சதவீதத்துக்கும் பொருந்தும். நம் கணக்கில் இரண்டு பக்கமும் 5, 10, 15, 20 என்று ஒரே எண்கள் அமைந்தது தற்செயல்தான். உங்கள் கடை விற்பனை முப்பது லட்சம் என்றால் இடதில் 0, 15, 30, 45, 60 என்று வரும், வலதில் அதே நான்கு பிரிவு இருந்தால் போதும்.

தூணின் அச்சு எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், இதில் சலுகை கிடையாது. தூணின் நீளம்தான் அதன் மதிப்பு. 3 லட்சத்தில் அச்சைத் தொடங்கினால் 3.5 லட்சம் விற்ற ஜூலைத் தூண் அரை அளவும், 9 லட்சம் விற்ற அக்டோபர் தூண் ஆறு அளவும் இருக்கும். உண்மையில் இரண்டரை மடங்குதான் வித்தியாசம், படமோ பன்னிரண்டு மடங்கு என்று சொல்லும்.

கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. ஆனால் அங்கேயும் அளவு ஒரு கதையை மாற்றிவிடும். வலது அச்சை 10% முதல் 20% வரை வைத்தால், 17-லிருந்து 12-க்கு இறங்கியது கிணற்றில் விழுந்தது போலத் தெரியும். 0 முதல் 100% வரை வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல நேர்கோடாக இருக்கும். அதே ஐந்து புள்ளி இறக்கம்தான். நான் பூஜ்யத்திலிருந்தே தொடங்கச் சொல்வதற்குக் காரணம், இரண்டு அச்சும் ஒரே இடத்தில் பூஜ்யமாக இருந்தால் பார்ப்பவருக்கு ஒரு குழப்பமாவது குறையும். வேறு இடத்தில் தொடங்குவதானால் அதைப் படத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டிலும் அச்சின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். எக்செலின் தானியங்கி அளவை நம்பினால் இரண்டும் வேறாக அமைந்துவிடும்.

பெயர் எழுதுவது

நம் ஊரில் இந்தப் படம் மீட்டிங் திரையில் ஓடுவதைவிட வாட்ஸ்அப்பில் போவதுதான் அதிகம். கூட ஆள் நின்று விளக்கம் சொல்ல முடியாது. அதனால் படத்துக்குள்ளேயே எல்லாம் இருக்க வேண்டும்.

படத்தைச் சொடுக்கியதும் வலது மேல்மூலையில் ஒரு கூட்டல் குறி வரும். அதில் `Axis Titles` என்பதில் `Primary Vertical`, `Secondary Vertical` இரண்டுக்கும் டிக் போடுங்கள். இடதில் ‘விற்பனை, லட்சம் ரூபாய் (ஜிஎஸ்டி நீங்கலாக)’ என்றும், வலதில் ‘மொத்த லாபம், விற்பனையில் %’ என்றும் எழுதுங்கள். வலது பெயரின் எழுத்து நிறத்தையும் வலது எண்களின் நிறத்தையும் கோட்டின் நிறத்துக்கே மாற்றிவிடுங்கள். தூண் வெளிர் நீலம், கோடு அடர் சிவப்பு என்றால் வலது ஓரம் முழுக்க அடர் சிவப்பில் இருக்கட்டும். எந்தக் கோட்டை எந்தப் பக்கம் படிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் நான் பார்த்ததில்லை. கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தாலும் தூணும் புள்ளி வைத்த கோடும் உருவத்தாலேயே வேறுபடும்.

அதே கூட்டல் குறியில் `Data Labels` உண்டு. கோட்டின் எண்களைக் கோட்டுக்கு மேலே, அதாவது `Above`, வையுங்கள். தூணின் எண்களைத் தூணின் தலைக்கு வெளியே, `Outside End`, வையுங்கள். கீழ்ப்பாதியில் தூண்களை அடக்கியதால் இரண்டும் மோதாது. ஆறு மாதம் என்றால் எல்லாப் புள்ளிக்கும் எண் போடலாம். 24 மாதப் படத்துக்கு அப்படிப் போட்டால் எண்களின் கூட்டத்தில் கோடு காணாமல் போகும். அங்கே உச்சம், அடி, கடைசி மாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போட்டால் போதும்.

தலைப்பில் `Chart Title` என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்ட படங்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அந்த இடத்தில் எந்தக் கடை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எதற்குத் தூண், எதற்குக் கோடு என்பதை ஒரே வரியில் எழுதலாம்: ‘திருப்பாப்புலியூர் கடை, ஜூலை – டிசம்பர்: மாத விற்பனை (தூண்), மொத்த லாப % (கோடு, வலது அச்சு)’. இப்படி எழுதிவிட்டால் கீழே வரும் `Legend` பெட்டியை எடுத்துவிடலாம், படத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

படித்துப் பார்ப்போம்

இப்போது படத்தைப் பாருங்கள். ஜூலையிலிருந்து தூண்கள் ஏறி, அக்டோபரில் ஒரே பாய்ச்சலாக 9 லட்சம். அதே அக்டோபரில் மேலே ஓடுகிற கோடு 12-க்குத் தொய்கிறது. டிசம்பரில் தூண் 5 லட்சத்துக்குத் திரும்ப, கோடும் 17-க்குத் திரும்புகிறது.

இங்கே இரண்டு தப்பான வாசிப்புகள் வரும். ஒன்று, தூணின் தலைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிக்கு அர்த்தம் தேடுவது. அக்டோபரில் விற்பனை மார்ஜினை நெருங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் அதில் பொருளே இல்லை. ரூபாயும் சதவீதமும் ஒன்றையொன்று நெருங்கவோ முந்தவோ முடியாது. இடது அச்சின் உச்சத்தை நாமே 10-லிருந்து 20 ஆக்கியபோது அந்த இடைவெளி மாறியதைப் பார்த்தோமே. தூணைத் தூணோடும், கோட்டின் புள்ளியைப் புள்ளியோடும்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, கோடு இறங்கினால் லாபம் குறைந்தது என்று நினைப்பது. அட்டவணையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் அதிக லாபம் வந்தது அக்டோபரில்தான், ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய். சதவீதம் மிகக் குறைவாக இருந்த மாதமே ரூபாயில் மிக அதிகம் கொடுத்த மாதம். தூணும் கோடும் சேர்ந்த படத்தில் லாப ரூபாய் நேரடியாகத் தெரியாது. ஒன்றை மற்றொன்றால் பெருக்கினால்தான் கிடைக்கும். இந்த வகைச் சார்ட்டின் பெரிய குறை இதுதான். அதனால் லாப எண்ணைப் படத்தின் கீழே ஒரு வரிசையாகவாவது கொடுத்துவிடுவது நல்லது.

அப்படியானால் அக்டோபர் நல்ல மாதம் என்று சந்தோஷப்படலாமா? செப்டம்பரோடு ஒப்பிட்டால் விற்பனை 4 லட்சம் கூடியிருக்கிறது. லாபம் கூடியது 23,000 ரூபாய். கூடுதலாக விற்ற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆறு ரூபாய்கூட நிற்கவில்லை. பெட்டி அடுக்கத் தற்காலிகமாக வைத்த ஆட்களின் கூலியும் டெலிவரி வண்டிச் செலவும் 23,000-ஐத் தாண்டியிருந்தால், அந்தப் பரபரப்பு மொத்தமும் வீண். படம் இந்தப் பதிலைத் தராது. ஆனால் தூண் எகிறிய இடத்திலேயே கோடு தொய்ந்திருப்பதைக் காட்டி, இங்கே தோண்டு என்று சொல்லும்.

தோண்டினால் என்ன வருகிறது? அக்டோபர் பில்களை இரண்டாகப் பிரிப்போம். கடைக்கு வந்து வாங்கியவர்கள் 5.50 லட்சம், அதில் லாபம் 93,500, அதாவது 17%. செப்டம்பரில் இருந்த அதே 17. கம்பெனிகளுக்குப் போன பரிசுப் பெட்டிகள் 3.50 லட்சம், அதில் லாபம் வெறும் 14,500, நான்கு சதவீதம் சொச்சம். கடை வியாபாரத்தில் எந்தப் பழுதும் இல்லை. மார்ஜினை இழுத்தது முழுக்கப் பெட்டி ஆர்டர்தான். முழுப் பருப்பின் விலை ஏறியிருந்த நேரத்தில் முன்பே ஒத்துக்கொண்ட விலைக்குக் கொடுத்தது, அட்டைப் பெட்டியின் செலவைச் சரக்கின் விலையில் சேர்த்தது, மொத்தத் தள்ளுபடி என்று காரணங்களை இனி பெயர் சொல்லித் தேடலாம். நவம்பரின் 14% மீந்த பெட்டிகளை விலை குறைத்துத் தள்ளியதால் வந்தது.

இந்த இடத்தில் சராசரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படத்துக்குக் கீழே ‘அரையாண்டு மார்ஜின்’ என்று ஓர் எண் எழுத ஆசை வரும். ஆறு மாதச் சதவீதங்களையும் கூட்டி ஆறால் வகுத்தால் 16% வரும். அது தவறு. மொத்த லாபம் 4.97 லட்சத்தை மொத்த விற்பனை 32.50 லட்சத்தால் வகுத்தால் 15.3%. மூன்றரை லட்சம் விற்ற ஜூலைக்கும் ஒன்பது லட்சம் விற்ற அக்டோபருக்கும் ஒரே எடை கொடுத்ததால்தான் முதல் எண் ஏறியது. எக்செலில் E8-ல் `AVERAGE` போடாமல் இப்படிப் போடுங்கள்:

```
=SUM(D2:D7)/SUM(B2:B7)
```

எப்போது வேண்டாம்

ஒரு விற்பனை, ஒரு மார்ஜின் என்றால் இந்தச் சார்ட் கச்சிதமாக இருக்கும். திருப்பாப்புலியூரில் ஒன்று, மஞ்சக்குப்பத்தில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று என்று மூன்று கடையின் தூணையும் மூன்று கோட்டையும் ஒரே படத்தில் அடைத்தால், எந்தக் கோடு எந்தத் தூணுக்கு என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். கடைக்கு ஒரு சின்னப் படம், எல்லாவற்றிலும் ஒரே அச்சளவு என்று மூன்றாகப் போடுங்கள். பார்ப்பவருக்கு இரண்டு அச்சு பழக்கமே இல்லை என்று தோன்றினாலும் பிரித்துவிடலாம். மேலே மார்ஜின் கோடு, கீழே விற்பனைத் தூண்கள், மாதங்கள் ஒன்றுக்கு நேரே ஒன்று வரும்படி. அதில் இரண்டாம் அச்சே தேவைப்படாது, தகவலும் குறையாது.

நம் முந்திரிக் கடைக்கு நான் செய்யச் சொல்வது வேறு. பதிவிலேயே கடை விற்பனையையும் பெட்டி ஆர்டரையும் தனித்தனிப் பத்தியாக எழுத வேண்டும். படத்தில் இரண்டுக்கும் `Clustered Column` என்பதை `Stacked Column` ஆக மாற்றி, கோட்டை அப்படியே மொத்த மார்ஜினாக விட வேண்டும். ஒவ்வொரு தூணும் இரண்டு நிறத்தில் அடுக்காக நிற்கும். அடுத்த தீபாவளியில் கோடு தொய்ந்தால், தூணின் எந்த அடுக்கு பெருத்திருக்கிறது என்பது பில் கட்டுகளைப் பிரிக்காமலே அதே படத்தில் தெரிந்துவிடும்.